இட்லிக்கு வெங்காயத் தக்காளிச் சட்னி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேங்காய் சேர்க்காமல், வெங்காயத்தையும் தக்காளியையும் எண்ணெயில் வதக்கி அரைக்கும் சிவப்புச் சட்னியைப் பற்றி உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்கள் இவை. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். பதில்களில் ஒன்று மற்றொன்றைத் தொட்டுச் செல்வதால், முதன்முறை செய்பவர்கள் முதல் ஐந்தையும் வரிசையாகப் படித்துவிடுவது நல்லது.

1. நாலு பேருக்கு இட்லிக்கு அரைக்கணும்னா எது எது எவ்வளவு எடுத்துக்கணும்?

உரித்த சின்ன வெங்காயம் 200 கிராம், நன்றாகப் பழுத்த தக்காளி 250 கிராம் (நடுத்தர அளவில் மூன்று அல்லது நான்கு), காய்ந்த மிளகாய் 6, பூண்டு 4 பல், கொட்டைப்பாக்கில் பாதியளவு புளி, உளுத்தம்பருப்பு ஒரு தேக்கரண்டி, கல் உப்பு முக்கால் தேக்கரண்டி, வதக்குவதற்கு நல்லெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. தாளிப்புக்குத் தனியாக ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய், அரைத் தேக்கரண்டி கடுகு, ஒரு கொத்து கறிவேப்பிலை, இரண்டு சிட்டிகை பெருங்காயத்தூள். தலைக்கு நான்கு இட்லி என்றால் இது போதும்.

இந்த அளவில் வெங்காயமும் தக்காளியும் சேர்ந்து 450 கிராம் இருக்கின்றன. ஆனால் தக்காளியில் பெரும்பங்கு தண்ணீர்தான். வெங்காயமும் அதற்கு அதிகம் குறைந்ததில்லை. நன்றாக வதக்கி இறக்கும்போது வாணலியில் ஏறத்தாழ பாதிதான் மிஞ்சும். எண்ணெயில் போட்ட மிளகாயும் புளியும் அப்படிக் குறைவதில்லை. ஆகவே காரத்தையும் புளிப்பையும் கணக்கிடும்போது, நறுக்கி வைத்த குவியலைப் பார்க்காமல் வதங்கி மிஞ்சப்போகும் அளவை மனத்தில் கொள்ள வேண்டும். பின்னால் வரும் பல பதில்கள் இந்த ஒரு செய்தியின் மீதே நிற்கின்றன.

2. சின்ன வெங்காயம் உரிக்கவே நேரம் போகுது. பெரிய வெங்காயம் போட்டா ஆகாதா?

ஆகும். சுவை சற்று மாறும், அவ்வளவுதான். சின்ன வெங்காயத்தில் காரமும் இனிப்பும் செறிவாக இருப்பதால், வதங்கியபின் தக்காளியின் புளிப்புக்கு ஈடுகொடுக்கும் தித்திப்பு அதிலிருந்தே கிடைத்துவிடும். பெரிய வெங்காயத்தில் நீர் கூடுதலாகத் தெரியும். அதை வதக்க மூன்று நான்கு நிமிடங்கள் அதிகம் பிடிக்கும். இரண்டு பெரிய வெங்காயம் எடுத்து, கால் அங்குலத் துண்டுகளாக ஒரே அளவில் நறுக்கிக்கொள்ளுங்கள். துண்டுகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருந்தால், சிறியது கருகும்வரை பெரியது வெந்திருக்காது.

சின்ன வெங்காயத்தை முழுதாகப் போடுவோர் உண்டு. வெளிப்பக்கம் சிவந்து நடுப்பகுதி பச்சையாகவே இருந்துவிடும் என்பதால், இரண்டாகவாவது நறுக்கிப் போடுவதையே நான் விரும்புகிறேன்.

3. எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு வதக்கிட்டா என்ன குறைஞ்சுடும்?

வெங்காயம் வதங்காமல் நின்றுவிடும். தக்காளியின் சாறும் புளிப்பும் வாணலியில் சேர்ந்துவிட்டால், அதன் பிறகு வெங்காயம் எண்ணெயில் வதங்காது. அந்தச் சாற்றில் வேகத்தான் செய்யும். அதிலும் புளிப்புள்ள நீரில் காய்கறிகள் மென்மையாவது தாமதப்படும். புளிக்கரைசலில் போட்ட காய் வேக நேரமாவதும் இதனால்தான். எனவே, பத்து நிமிடம் கிளறிய பிறகும் வெங்காயத்தைக் கடித்தால் நறுக்கென்று இருக்கும். அரைத்தால் பச்சை வாடை எழும்.

வரிசை இதுதான். எண்ணெய் மிதமாகக் காய்ந்ததும் உளுத்தம்பருப்பு. அது சிவக்கத் தொடங்கியதும் தீயைக் குறைத்து மிளகாய். மிளகாய் உப்பி நிறம் சற்று ஆழ்ந்ததும் இரண்டையும் அரித்துத் தட்டில் எடுத்துவிட வேண்டும். அதே எண்ணெயில் பூண்டும் வெங்காயமும். அவை வதங்கி முடிந்த பிறகே தக்காளியும் உப்பும் புளியும். மிளகாயை எடுத்து வைக்கச் சொல்வதற்குக் காரணம், அது வாணலியிலேயே கிடந்தால் வெங்காயம் வதங்கும் நேரத்துக்குள் கருகிவிடும் என்பதுதான்.

4. வெங்காயம் எதுவரைக்கும் வதங்கணும்? கண்ணாடி மாதிரி ஆனா போதும்னு சிலர் சொல்றாங்க, சிலர் சிவக்கணும்ங்கிறாங்க.

இட்லிச் சட்னிக்கு இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட பதமே பொருந்துகிறது என்பது என் கருத்து. மிதமான தீயில் முதல் மூன்று நிமிடங்களில் வெங்காயம் வியர்த்து, நிறமிழந்து, ஒளி ஊடுருவுவதுபோல் ஆகும். இந்த நிலையில் பச்சை நெடி குறைந்திருக்கும். ஆனால் உள்ளே நீர் நிறைய இருக்கும், இனிப்பும் முழுதாக வெளிப்பட்டிருக்காது. இப்போதே தக்காளியைப் போட்டால் சட்னி நீர்த்து, சப்பென்று இருக்கும். இன்னும் நான்கைந்து நிமிடம் பொறுத்தால் துண்டுகள் சுருங்கி, ஓரங்கள் மட்டும் இளம்பொன்னிறமாகும். வாணலியிலிருந்து எழும் மணத்தில் காரம் போய்த் தித்திப்பு வந்திருக்கும். தக்காளி போட வேண்டிய நேரம் இதுதான். அதையும் தாண்டி முழுவதும் பழுப்பாகும்வரை வதக்கினால் அது பிரியாணிக்கான வெங்காயமாகிவிடும். சட்னியின் சிவப்பு நிறம் மங்கி, இனிப்பு தூக்கலாக நிற்கும்.

கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு துண்டை எடுத்துக் கரண்டியின் பின்புறத்தால் வாணலியின் ஓரத்தில் வைத்து அழுத்துங்கள். எதிர்ப்பின்றி நசுங்கினால் வதங்கிவிட்டது. வழுக்கி ஓடினால் இன்னும் நேரம் வேண்டும். காதும் உதவும். நீர் இருக்கும்வரை சடசடவென்ற ஒலி கேட்கும். அது தணிந்து எண்ணெயின் மெல்லிய பொரிச்சல் மட்டும் மிஞ்சும்போது பதம் வந்திருக்கும்.

சீக்கிரம் வதங்கட்டும் என்று தீயைக் கூட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. பெருந்தீயில் நிறம் விரைவில் வந்துவிடும், உள்ளே வெந்திருக்காது. நிறத்தைப் பார்த்து ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். விரைவு வேண்டுமென்றால் இரண்டு சிட்டிகை உப்பை வெங்காயத்துடனேயே போடுங்கள். அது நீரை வெளியே இழுத்துத் துண்டுகளைத் தளர்த்திவிடும். அந்த உப்பை மொத்த அளவிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும்.

5. தக்காளி வதங்கிடுச்சுன்னு எதை வச்சுக் கண்டுபிடிக்கிறது? குழைஞ்சா போதும்தானே?

குழைவது பாதி வழிதான். தக்காளி போட்ட மூன்று நான்கு நிமிடங்களில் குழைந்து, தோல் சுருண்டு பிரியத் தொடங்கும். அப்போது வாணலி முழுவதும் சாறாக இருக்கும். பலர் இறக்குவது இந்தக் கட்டத்தில். அந்தச் சாறு கொதித்து வற்ற இன்னும் ஐந்து முதல் ஏழு நிமிடம் ஆகும். மூடி போட்டால் ஆவி திரும்பச் சாறாகவே விழும் என்பதால், குழைந்த பிறகு மூடியை எடுத்துவிட வேண்டும்.

வற்றிவிட்டதா என்று பார்க்க, கரண்டியால் வாணலியின் நடுவே ஒரு கோடு இழுங்கள். இரு பக்கமிருந்தும் சாறு ஓடிவந்து கோட்டை மூடினால் நீர் இருக்கிறது. கோடு அப்படியே நின்று, அதன் ஓரங்களில் சிவந்த எண்ணெய் கசிந்தால் முடிந்துவிட்டது. பச்சைத் தக்காளியின் வாடை மறைந்து, சற்றுத் தொக்கின் சாயலில் மணம் வரும். அதற்காகத் தொக்குப் போல முழுக்கச் சுண்டவும் விட வேண்டாம். அப்படிச் சுண்டினால் அரைக்கும்போது நிறையத் தண்ணீர் ஊற்ற நேரும். வதக்கி வெளியேற்றிய நீருக்குப் பதிலாகப் பச்சைத் தண்ணீரைச் சேர்த்ததுபோல் ஆகிவிடும்.

புளிப்பான பொருள் அதிக நேரம் கொதிப்பதால், நன்கு பழகாத இரும்பு வாணலியில் செய்தால் நிறம் கறுத்து உலோகச் சுவை ஏறும். எவர்சில்வரோ பூச்சுள்ள வாணலியோ எடுத்துக்கொள்ளலாம்.

6. காலையில அவ்வளவு நேரம் இல்லக்கா. பச்சையா அரைச்சுட்டு அப்புறமா எண்ணெயில கொதிக்க விடலாமா?

தக்காளியை அப்படிச் செய்யலாம். வெங்காயத்தைச் செய்ய வேண்டாம். பச்சை வெங்காயத்தை அரைக்கும்போது அதன் செல்கள் உடைந்து, கண்ணில் நீர் வரவழைக்கும் அந்தக் கந்தகச் சேர்மங்கள் பெருமளவில் உருவாகின்றன. கத்தியால் நறுக்குவதைவிட மிக்ஸியில் இது பன்மடங்கு. பிறகு கொதிக்கவைத்தாலும் ஒரு கசப்பும் கடுப்பும் அடியில் தங்கிவிடுகின்றன. முதலில் சூடாக்கிவிட்டால், அவற்றை உருவாக்கும் நொதி செயலிழந்துவிடுகிறது. பிறகு எவ்வளவு அரைத்தாலும் கசப்பதில்லை.

நேரம் குறைவாக உள்ள நாள்களில், வெங்காயத்தை நான்காம் பதிலில் உள்ள பதத்துக்கு வதக்கிக்கொண்டு, தக்காளியைப் பச்சையாக அரைத்து அதன்மேல் ஊற்றி வற்றவிட்டால் மூன்று நான்கு நிமிடம் மிச்சமாகும். இரவே வதக்கி ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்து, காலையில் அரைத்துத் தாளிப்பது அதைவிட நல்ல வழி.

7. மிளகாய் எத்தனை போடணும்னே புரியல. ஒரு நாள் காரமே இல்ல, ஒரு நாள் வாயில வைக்க முடியல.

எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு வகையைப் பார்க்காமல் போடுவதால் வரும் சிக்கல் இது. நம் கடைகளில் கிடைக்கும் நீட்டு மிளகாய் காரத்துக்கு. குண்டு மிளகாய், அதாவது இராமநாதபுரம் பக்கம் விளையும் முண்டு மிளகாய், காரத்தோடு தனி மணமும் தரும். காஷ்மீரி, பேடகி ஆகியவை நிறத்துக்கு. அவற்றில் காரம் குறைவு. ஆறு மிளகாய் என்று நான் சொன்னது நீட்டு நான்கு, காஷ்மீரி இரண்டு என்ற கணக்கு. ஆறும் நீட்டு மிளகாயாக இருந்தால் குழந்தைகள் சாப்பிட மாட்டார்கள். ஆறும் காஷ்மீரியாக இருந்தால் பார்வைக்குச் சிவந்திருக்கும், நாக்கில் ஒன்றும் தெரியாது. புது மூட்டை பிரித்தவுடன் ஒன்றைக் கிள்ளி எண்ணெயில் வறுத்து நுனியில் கடித்துப் பார்த்துவிட்டால், அந்த மூட்டை தீரும்வரை எண்ணிக்கையில் குழப்பம் வராது.

காரம் பெரும்பாலும் மிளகாயின் உள்ளே விதைகளைத் தாங்கி நிற்கும் வெளிறிய நரம்பில்தான் இருக்கிறது. விதைகள் அதை ஒட்டியிருப்பதால் காரமேறியவை. காம்பைக் கிள்ளி, மிளகாயை உடைத்துத் தட்டினால் விதையும் நரம்பில் கொஞ்சமும் உதிர்ந்துவிடும். எண்ணிக்கையைக் குறைக்காமல் காரத்தை மட்டும் குறைக்க இதுவே வழி, நிறமும் குறையாது.

மிளகாயின் காரமும் சிவப்பும் எண்ணெயில் கரைபவை, தண்ணீரில் அவ்வளவாகக் கரையாதவை. ஆகவேதான் மிளகாயை எண்ணெயில் முதலில் வறுக்கிறோம். பச்சையாக அரைத்துச் சேர்த்த மிளகாயின் காரம் ஓரிடத்தில் சுரீரென்றும் ஓரிடத்தில் ஒன்றுமில்லாமலும் இருக்கும். எண்ணெயில் இறங்கிய காரம் சட்னி முழுவதும் சீராகப் பரவும்.

8. மிளகாய் வறுத்தாலே வீடு முழுக்க இருமல். கருகாம வறுக்கிறது எப்படி?

எண்ணெய் புகையும் அளவுக்குக் காய்ந்திருந்தால் நெடி தவிர்க்க முடியாதது. தீயைச் சிறிதாக்கி, எண்ணெய் இளஞ்சூட்டைச் சற்றே தாண்டியிருக்கும்போது மிளகாயைப் போட்டு, அரை நிமிடம் முதல் முக்கால் நிமிடம்வரை புரட்டினால் போதும். மிளகாய் உப்பி, மினுமினுத்து, நிறம் ஒரு படி ஆழ்வதோடு எடுத்துவிடுங்கள். தட்டிலும் சூட்டில் சிறிது வறுபடும். ஒன்றிரண்டு கறுத்துவிட்டால் தயங்காமல் அவற்றை எறிந்துவிட்டு வேறு போடுங்கள். கருகிய மிளகாயின் கசப்பை உப்போ வெல்லமோ மறைக்காது.

9. தக்காளியே புளிப்புதானே, அப்புறம் புளி எதுக்கு?

தக்காளியைப் பொறுத்தது. நாட்டுத் தக்காளி, சாறும் விதையும் நிறைந்து புளிப்பாக இருக்கும். அதற்குப் புளியே வேண்டாம். தடித்த சதையும் நீண்ட வடிவமும் கொண்ட ஒட்டுரகத் தக்காளி, நன்றாகப் பழுத்திருந்தாலும் புளிப்பில் மந்தமாக இருக்கும்; அதற்குத்தான் கொட்டைப்பாக்கில் பாதியளவு புளி. நறுக்கும்போதே ஒரு துண்டை வாயில் போட்டுப் பாருங்கள். பச்சையாகத் தின்னும்போது இதமாக இருக்கும் புளிப்பு, முதல் பதிலில் சொன்னபடி நீர் வற்றியபின் ஏறத்தாழ இருமடங்கு செறிவாகும். வதக்கினால் புளிப்பு போய்விடும் என்று நினைப்பவர்கள் உண்டு. நீர் ஆவியாகிப் போகிறது; புளிப்பைத் தரும் அமிலம் வாணலியிலேயே தங்கிவிடுகிறது. பச்சை வாடை நீங்குவதையும் வெங்காயத்தின் இனிப்பு சேர்வதையும்தான் நாம் புளிப்பு குறைந்ததாக உணர்கிறோம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அன்றைய இட்லி மாவு. புதிதாகப் பொங்கிய மாவில் வார்த்த இட்லிக்குச் சட்னியில் சற்றுத் தூக்கலான புளிப்பு பொருந்தும். மூன்றாம் நாள் மாவில் புளிப்பு ஏறியிருக்கும். அதற்கும் அதே சட்னியை அரைத்தால் இரண்டு புளிப்பும் சேர்ந்து பல் கூசும். அப்படிப்பட்ட நாளில் புளியை முழுதாக விட்டுவிட்டு, வெங்காயத்தை 50 கிராம் கூட்டிக்கொள்வது என் வழக்கம்.

புளி சேர்ப்பதென்றால் நார், கொட்டை நீக்கி, தக்காளியுடன் வாணலியிலேயே போட்டுவிட வேண்டும். சூட்டில் மென்மையாகி நன்றாக அரைபடும். அரைக்கும்போது பச்சையாகச் சேர்த்த புளி தனித்துத் தெரியும்.

10. புளிப்பு ஏறிப்போச்சு. சர்க்கரை போட்டாச் சரியாகுமா?

சுண்டைக்காய் அளவு வெல்லம் புளிப்பின் முனையை மழுக்கும். அதற்குமேல் போட்டால் புளிப்பும் இனிப்புமாகப் பச்சடியின் சுவை வந்துவிடும். எனவே அதைக் கடைசி மருந்தாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் உப்பைப் பாருங்கள். உப்புக் குறைந்த சட்னியில் புளிப்பு மட்டும் தனித்து நிற்கும். இரண்டு சிட்டிகை உப்பிலேயே சில சமயம் சரியாகிவிடும்.

உண்மையாகவே புளிப்பு மிகுந்திருந்தால், குறைந்துபோன வெங்காயத்தை ஈடுசெய்வதே சரியான வழி. பக்கத்து வீட்டில் ஒருவர் 100 கிராம் வெங்காயம், 350 கிராம் நாட்டுத் தக்காளி, கொட்டைப்பாக்களவு புளி என்று போட்டு அரைத்துவிட்டு வந்து கேட்டார். மொத்த எடை முதல் பதிலில் உள்ள அதே 450 கிராம்தான். ஆனால் தக்காளியில் 100 கிராம் கூடுதல், அதுவும் புளிப்பான வகை, அதன்மேல் தேவையற்ற புளி. அதற்குச் செய்தது இது: இன்னும் 150 கிராம் வெங்காயத்தை ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில், ஓரங்கள் நன்றாகவே சிவக்கும்வரை வதக்கி, தனியே வறுத்த இரண்டு மிளகாயுடன் அரைத்து, ஏற்கெனவே உள்ள சட்னியில் கலந்தோம். கால் தேக்கரண்டி உப்பும் சேர்த்தோம். மிளகாய் சேர்த்ததற்குக் காரணம், வெங்காயம் கூடினால் காரமும் மங்கிவிடும் என்பதுதான். வெல்லம் தேவைப்படவில்லை. சட்னி ஆறு பேருக்கு ஆகிவிட்டது என்பது மட்டுமே விளைவு.

வதக்குவதற்கு நேரமே இல்லையென்றால், இரண்டு மேசைக்கரண்டி பொட்டுக்கடலையைச் சட்னியுடன் சேர்த்து அரைக்கலாம். புளிப்பு மட்டுப்படும், ஆனால் சட்னி கெட்டியாகி, நிறமும் வெளிறும்.

11. காரம் ஏறிட்டா என்ன செய்யறது? தண்ணி ஊத்தலாமா?

தண்ணீர் ஊற்றினால் சட்னி நீர்த்துப்போகும், காரம் அப்படியே நிற்கும். காரம் தண்ணீரில் கரையாது என்று ஏழாம் பதிலில் சொன்னேன். வதக்கிய வெங்காயம் சேர்ப்பது இதற்கும் பொருந்தும். மிளகாயை மட்டும் விட்டுவிட வேண்டும். இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த்துருவல் சேர்த்து அரைத்தால் அதன் கொழுப்பு காரத்தை விரைவாகத் தணிக்கும், ஆனால் அது வேறு சட்னி. சாப்பிடும்போது இட்லியின்மேல் ஒரு கரண்டி நல்லெண்ணெய் ஊற்றிக்கொள்வது எல்லாவற்றிலும் எளிது.

12. மிக்ஸியில அரைக்கும்போது எவ்வளவு தண்ணி விடணும்? நைஸா அரைக்கணுமா?

முதலில் முழுவதும் ஆறவிடுங்கள். சூடாக அரைத்தால் ஆவி மூடியைத் தள்ளிச் சட்னி தெறிக்கும். ஆறிய பிறகு, மிளகாயையும் உளுத்தம்பருப்பையும் மட்டும் முதலில் போட்டுப் பொடித்துக்கொண்டு, பிறகு வதக்கியவற்றைச் சேர்த்து அரைக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் மிளகாய்த் தோல் துணுக்குகளாக நின்றுவிடும். ஐந்தாம் பதிலில் உள்ள பதத்தில் வதக்கியிருந்தால் இரண்டு மூன்று மேசைக்கரண்டித் தண்ணீருக்குமேல் தேவைப்படாது. இட்லிக்கு ஓரளவு கொரகொரப்பே நல்லது. இட்லியின் மென்மையில் கடிக்க ஏதாவது இருக்கும். தோசைக்கு நைசாக அரைத்துக்கொள்ளலாம்.

13. வாணலியில நல்லாச் சிவப்பா இருந்தது, அரைச்சதும் ஆரஞ்சு நிறமா வெளுத்துப்போச்சு. ஏன்?

காற்று கலந்திருக்கிறது. மிக்ஸியை நிறுத்தாமல் ஓட்டினால் நுண்ணிய குமிழிகள் சட்னியில் சேர்ந்து நிறத்தை வெளிறச் செய்யும். மேலே நுரையும் தெரியும். சற்று விட்டுவிட்டு, சிறு சிறு சுற்றுகளாக அரைத்தால் இது குறையும். ஏற்கெனவே வெளுத்திருந்தால் பத்து நிமிடம் அப்படியே வைத்து, பிறகு தாளித்து ஊற்றிக் கிளறுங்கள். நிறம் பெரும்பாலும் திரும்பிவிடும். தக்காளி சரியாக வற்றாததும், காஷ்மீரி மிளகாய் இல்லாததும் மற்ற காரணங்கள்.

14. மிளகாயும் கருகல, வெங்காயமும் நல்லா வதங்கிடுச்சு, ஆனாலும் கசக்குது. எங்க தப்பு?

பெரும்பாலும் பூண்டைப் பாருங்கள். வெங்காயத்துக்கு முன்பே சூடான எண்ணெயில் போட்ட சிறு பல் ஒன்று பழுப்பாகிவிட்டாலே கசப்பு வந்துவிடும். வெங்காயம் போட்டவுடன் அதன் மேலாகப் பூண்டைப் போட்டால், வெங்காயத்தின் ஈரம் அதைக் காக்கும். அடுத்து உளுத்தம்பருப்பு: சிவந்த பருப்பு மணக்கும், கறுத்த பருப்பு கசக்கும். தாளிப்பில் கடுகு கருகியிருந்தாலும் அப்படித்தான். வாணலியின் அடியில் ஒட்டிக் கறுத்த தக்காளியைச் சுரண்டி மிக்ஸியில் சேர்ப்பது இன்னொரு காரணம். ஒட்டியதை அப்படியே விட்டுவிடுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால், தாளிப்பதற்கு முன் சட்னியைத் தனியாகவும், தாளித்தபின் ஒருமுறையும் சுவைத்துப் பாருங்கள். கசப்பு எந்தக் கட்டத்தில் நுழைகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

15. தனியா நக்கிப் பார்த்தா உப்பு காரம் எல்லாம் சரியா இருக்கு. இட்லியோட சாப்பிட்டாச் சப்புன்னு இருக்கே?

அப்படித்தான் இருக்கும். இட்லியில் சுவை மிகவும் மெல்லியது. பஞ்சுபோல் சட்னியை உறிஞ்சிக்கொண்டு அதன் உப்பையும் காரத்தையும் தணித்துவிடும். ஆகவே தனியாகச் சுவைக்கும்போது சட்னி உப்பிலும் காரத்திலும் ஒரு படி தூக்கலாக இருந்தால்தான் இட்லியோடு சரியாக இருக்கும். புளிப்பு மட்டும் இதற்கு விலக்கு. ஒன்பதாம் பதிலில் சொன்னபடி இட்லியும் தன் பங்குக்குப் புளிப்பைக் கொண்டுவருவதால், அதைத் தூக்கலாக வைக்கத் தேவையில்லை. முதல் ஈட்டு இட்லி இறங்கியதும் ஒரு விள்ளலைச் சட்னியில் தோய்த்துச் சாப்பிட்டுப் பார்த்து, அதன்பின் உப்பை முடிவுசெய்யுங்கள்.

தாளிப்பு இங்கே பேருதவி செய்யும். ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு வெடித்து அடங்கியதும் கறிவேப்பிலையும் பெருங்காயமும் போட்டு, சூடாகவே சட்னியில் கொட்ட வேண்டும். சிலர் சட்னியையும் வாணலியில் ஊற்றிக் கொதிக்கவிடுகிறார்கள். நீர் மிஞ்சிய சட்னிக்கு அது தேவைப்படலாம். நன்றாக வதக்கியதற்கு வேண்டாம்.

16. வீட்டுல விசேஷம்னு இருபது பேருக்கு அஞ்சு மடங்கா எல்லாத்தையும் போட்டேன். சட்னி நீர்த்து, பச்சை வாடையா வந்தது. அளவு தப்பா?

அளவு சரிதான், வாணலிதான் போதவில்லை. ஒரு கிலோ வெங்காயத்தை வீட்டு வாணலியில் குவித்தால், அடியில் இருப்பது மட்டுமே எண்ணெயைத் தொடும். மேலே இருப்பது ஆவியில் வேகும். நீர் வெளியேற வேண்டிய பரப்பு அப்படியே இருக்க, நீர் ஐந்து மடங்காகிவிட்டது. நேரத்தைப் பார்த்து இறக்கினால் பாதிகூட வதங்கியிருக்காது. வெங்காயத்தை மூன்று தவணையாக, ஒவ்வொரு முறையும் வாணலியின் அடிப்பரப்பில் இரண்டு விரல் கனத்துக்கு மேல் போகாதபடி வதக்கி எடுத்துவிடுங்கள். தக்காளியைத் தனியாக அகலமான உருளியிலோ சட்டியிலோ வற்றவிட்டு, கடைசியில் இரண்டையும் சேருங்கள். எண்ணெயை ஐந்து மடங்காக்கத் தேவையில்லை. மூன்றரை அல்லது நான்கு மடங்கு போதும்.

மிளகாயை மட்டும் முதலில் நான்கு மடங்கு, அதாவது 24 என்று எடுத்து வறுத்து, மீதி ஆறைத் தனியே பொடித்து வைத்துக்கொள்ளுங்கள். விருந்தில் குழந்தைகளும் முதியவர்களும் இருப்பார்கள். அரைத்துச் சுவைத்தபின் தேவைப்பட்டால் பொடியைத் தாளிப்பு எண்ணெயில், அடுப்பை அணைத்துவிட்டுக் கலந்து ஊற்றலாம்.

17. ஊருக்குப் போகும்போது எடுத்துட்டுப் போகலாமா? எத்தனை நாள் கெடாம இருக்கும்?

வதக்கி, தண்ணீர் குறைவாக விட்டு அரைத்த சட்னி, வெயில் காலத்தில் வெளியே வைத்தால் அன்று மாலைவரை தாங்கும். குளிர்பெட்டியில் மூடி வைத்தால் இரண்டு மூன்று நாள். பயணத்துக்கு என்றே செய்வதானால், ஐந்தாம் பதிலில் வேண்டாம் என்று சொன்ன சுண்டிய பதத்துக்கே தக்காளியைக் கொண்டுபோய், புளியைச் சற்றுக் கூட்டி, தண்ணீரே விடாமல் அரைத்து, எண்ணெயைத் தாராளமாக விட்டுத் தாளித்தபின் சட்னியையும் அதில் போட்டு ஐந்து நிமிடம் கிளறி இறக்குங்கள். முழுவதும் ஆறிய பிறகே ஈரமில்லாத டப்பாவில் எடுக்க வேண்டும். சூடாக மூடினால் மூடியில் நீர் கோத்துச் சட்னியில் சொட்டும். நுரை பொங்கினாலோ, திறந்ததும் புளித்த மாவின் வாடை அடித்தாலோ சுவைத்துப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.